வெற்றுக் கோப்பையில் நீர்: குழந்தையின் பாவனையை உளவியல் வாசித்த வரலாறு

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுமில்லாத கோப்பையை வாயருகே கொண்டுபோய் உறிஞ்சுகிறது. பிறகு நமக்கும் ஒரு வாய் கொடுக்கிறது. மூன்றாம் வயதில் அதே குழந்தை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அந்த இடத்தில் நம்மை உட்கார விடாமல் தடுக்கிறது. இந்தச் செயல்களை எவ்வாறு புரிந்துகொள்வது? குழந்தைக்கு உண்மையும் உண்மையல்லாததும் இன்னும் பிரியவில்லையா? அல்லது பிரிந்திருப்பதனால்தான் இவ்விளையாட்டே சாத்தியமாகிறதா? குழந்தை உளவியல் இவ்விரு விடைகளில் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்ந்திருக்கிறது. ஒரே குழந்தையைப் பற்றி எழுதப்பட்ட சில குறிப்புகளை முன்வைத்து அந்த நகர்வைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை மற்றொன்றாக வைத்து ஆடுவதைப் ‘பாவனை’ என்றும், குழந்தை தானே படைத்துக்கொண்டு பல நாள் உறவாடும் உருவைக் ‘கற்பனைத் தோழர்’ என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

அந்தக் குழந்தை 1925இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜாக்லின். தந்தை ழான் பியாஜே. அவரும் அவர் மனைவி வலந்தீனும் தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்து, வயதை மாதக் கணக்கிலும் நாள் கணக்கிலும் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளிலிருந்து எழுந்ததே, குழந்தையிடம் குறியீடு தோன்றும் விதத்தைப் பற்றி பியாஜே 1945இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல். ஆங்கில வாசகர்களுக்கு அது 1951இல் ‘விளையாட்டு, கனவு, போலச்செய்தல்’ என்ற பொருள்படும் தலைப்புடன் கிடைத்தது.

ஜாக்லினுக்கு 1 வயது 3 மாதம் 12 நாள் ஆகியிருந்தபோது நடந்தது இது. ஓரத்தில் குஞ்சம் வைத்த ஒரு துணி அவள் கண்ணில் பட்டது. அவளுடைய தலையணையின் ஓரமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். துணியைப் பற்றி, அதன் மடிப்பொன்றைக் கையில் பிடித்தபடி அதே கையின் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு பக்கவாட்டில் படுத்தாள். தூங்கும்போது அவள் செய்வது இதுவே. ஆனால் இப்போது கண்கள் திறந்திருந்தன. அவ்வப்போது மட்டும் இமைத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாள்களில் தாயின் மேலங்கிக் கழுத்துப்பட்டையும், ரப்பர்க் கழுதையின் வாலும் அவளுக்குத் தலையணையாயின.

இதற்குப் பின் வரும் குறிப்புகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு படிவரிசை தெரிகிறது. முதலில் குழந்தை தன் செயலையே பாவனையாகச் செய்கிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் அதே செயலைப் பிறர்மேல் ஏற்றுகிறது: ஜாக்லின் தன் கரடிப் பொம்மையையும் நாய்ப் பொம்மையையும் தூங்க வைத்தாள், நாயை அழச் சொல்லி அழுகை ஒலியைத் தானே எழுப்பினாள், சில நாள்களில் தொப்பியையும் அழ வைத்தாள். அடுத்த படியில் பொருளே தேவையில்லாமல் போகிறது. 2 வயது 4 மாதத்தில், துணி துவைக்கும் நீரில் கை வைக்கக் கூடாது என்று அவளைத் தடுத்துவிட்டனர். அவள் வெற்றுக் கோப்பை ஒன்றை எடுத்து வந்து, தடுக்கப்பட்ட அந்தத் தொட்டியின் அருகே நின்று, நீர் ஊற்றுவதாகச் சொல்லிக்கொண்டே ஊற்றும் செயலைச் செய்தாள். 2 வயது 6 மாதத்தில், பிறந்து சில வாரங்களே ஆன தங்கையைத் தூக்க விரும்பினாள். பிறகு தூக்கலாம் என்றார் தாய். ஜாக்லின் தன் கைகளை மடக்கிக்கொண்டு, அவற்றுக்குள் இன்னொரு தங்கை இருப்பதாக அறிவித்து, அவளோடு பேசத் தொடங்கினாள்.

பியாஜே இவற்றை வாசித்த முறை அவருடைய முழுக் கோட்பாட்டோடும் பிணைந்தது. அறிவு வளர்வதற்கு இரண்டு செயல்கள் சமநிலையில் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒன்று, உலகைத் தன்னிடம் ஏற்கெனவே உள்ள வார்ப்புக்குள் இழுத்துக்கொள்வது. மற்றொன்று, உலகுக்கு ஏற்ப அந்த வார்ப்பையே மாற்றிக்கொள்வது. பாவனையில் முதற்செயலே ஆட்சி செய்கிறது. துணி தலையணையாக வேண்டும் என்று குழந்தை விரும்புகிறது. துணி எதிர்த்துப் பேசுவதில்லை. நீர் மறுக்கப்பட்டால் வெற்றுக் கோப்பை அதை ஈடு செய்கிறது. ஆகவே பாவனை என்பது, உலகுக்கு இணங்கக் கற்றுக்கொள்ளாத சிந்தனை தன் விருப்பத்துக்கு உலகை வளைத்துக்கொள்ளும் கட்டம். தருக்கச் சிந்தனை வளர வளர அது தேய்ந்து, விதிகளோடு கூடிய விளையாட்டுக்கு இடம்விடும் என்று அவர் எதிர்பார்த்தார்.

இதற்கு மாறான வாசிப்பு ஒன்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய விரிவுரையின் பதிவு 1966இல்தான் ருஷ்ய மொழி இதழொன்றில் அச்சேறியது. எனவே அதை பியாஜேக்கு எழுதப்பட்ட மறுமொழியாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஜாக்லினின் கோப்பைக் குறிப்போடு அதைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். உடனே நிறைவேறாத விருப்பத்திலிருந்து விளையாட்டு பிறக்கிறது என்பதில் இருவரும் நெருங்கி வருகின்றனர். அந்த ஈடுசெய்தலில் என்ன நிகழ்கிறது என்பதில்தான் பிரிகின்றனர்.

வைகாட்ஸ்கியின் எடுத்துக்காட்டு குச்சிக் குதிரை. சிறு குழந்தைக்குச் சொல்லும் பொருளும் ஒட்டியே இருக்கின்றன. கண்முன் குதிரை இல்லாமல் ‘குதிரை’ என்னும் கருத்தைத் தனியே பிடித்து நிறுத்த அதனால் இயலாது. குச்சியைக் கால்களுக்கிடையே வைத்து ஓடும்போது, அந்தக் கருத்து உண்மைக் குதிரையிலிருந்து கழன்று குச்சியின்மேல் வந்து அமர்கிறது. கருத்து ஒரு பொருளிலிருந்து விடுபட இன்னொரு பொருளின் தாங்கல் தேவைப்படுகிறது. குச்சி அந்தத் தாங்கல். அதனால்தான் எதுவும் எதுவாகவும் ஆகிவிடாது என்றார் அவர். அஞ்சலட்டையைக் குழந்தை குதிரையாக ஏற்காது, அதன்மேல் ஏறி ஓட முடியாதல்லவா? பியாஜே விருப்பத்தின் தடையற்ற ஆட்சியைக் கண்ட இடத்தில் வைகாட்ஸ்கி ஒரு கட்டுப்பாட்டைக் கண்டார். குதிரை ஓட்டும் குழந்தை குதிரை ஓட்டுபவருக்குரிய விதிக்குக் கீழ்ப்படிகிறது. இந்நிலை ஏறத்தாழ மூன்று வயதில் தொடங்குகிறது என்பது அவர் கணிப்பு. ஜாக்லினின் 15ஆம் மாதச் சிரிப்பை அவர் கோட்பாடு எங்கே வைக்கும் என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று.

இருவருமே கேட்காத ஒரு கேள்வியை ஆலன் லெஸ்லி 1987இல் எழுப்பினார். இரண்டு வயதுக் குழந்தை உலகப் பொருள்களைப் பற்றி விரைந்து கற்றுக்கொண்டிருக்கும் பருவத்தில் இருக்கிறது. வாழைப்பழம் என்றால் என்ன, அதை என்ன செய்வது என்று இப்போதுதான் அதற்குத் தெரிய வந்திருக்கிறது. அந்த வேளையில் தாய் ஒரு வாழைப்பழத்தைக் காதில் வைத்துத் தொலைபேசியில் பேசுவதுபோல் பேசுகிறாள். குழந்தையின் அறிவு ஏன் குழம்பிப்போகவில்லை? வாழைப்பழத்தின் வழியாகப் பேசலாம் என்ற பொய்யான பாடத்தை அது ஏன் கற்றுக்கொள்வதில்லை?

லெஸ்லியின் விடையை மேற்கோள் குறியை வைத்து விளக்கலாம். ஒருவர் சொன்ன பொய்யை நாம் மேற்கோளுக்குள் இட்டு எழுதினால் நாம் பொய் சொன்னதாக ஆகாது. மேற்கோளுக்குள் இருப்பது நம் கூற்றிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் மனமும் ‘இது தொலைபேசி’ என்பதை அவ்வாறு துண்டித்து வைத்துக்கொள்கிறது. ‘இது வாழைப்பழம்’ என்ற அறிவு தன் இடத்தில் பாதிப்பின்றி நிற்கிறது. பிறருடைய நம்பிக்கையைப் புரிந்துகொள்ளவும் இதே வடிவம் தேவை. ‘பெட்டியில் மிட்டாய் இருக்கிறது என்று அவன் நினைக்கிறான்’ என்பதை நாம் ஏற்கும்போது பெட்டியில் மிட்டாய் இருந்தே தீர வேண்டியதில்லை. எனவே பிறர் மனத்தை அறியும் ஆற்றலின் முதல் வெளிப்பாடு இரண்டு வயதுப் பாவனையே என்றார் லெஸ்லி.

இதனைச் சோதிக்க அவர் பயன்படுத்திய தேநீர் விருந்து மிக எளியது. ஒரு வெற்றுப் புட்டி, இரண்டு வெற்றுக் கோப்பைகள். புட்டியிலிருந்து இரண்டிலும் ‘ஊற்றி’ நிரப்பச் சொல்லிக் குழந்தையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஆய்வாளர் ஒரு கோப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, உதறி, முன்பிருந்த இடத்தில் வைக்கிறார். எந்தக் கோப்பை காலியாக இருக்கிறது என்று கேட்கிறார். கண்ணால் காண்பதை மட்டும் குழந்தை நம்புமானால் இரண்டுமே காலி, கேள்விக்குப் பொருளில்லை. ஆனால் இரண்டு முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் கவிழ்த்த கோப்பையைக் காட்டின. ஈரமான தரையைத் தேடி அவை குனிந்து பார்ப்பதில்லை. ஊற்றினால் நிறையும், கவிழ்த்தால் கொட்டும் என்ற உலக விதியைக் குழந்தை இல்லாத நீருக்கும் தவறாமல் பொருத்துகிறது. அது இல்லாத நீர் என்பதையும் மறப்பதில்லை. விருப்பத்துக்கு உலகை வளைக்கும் சிந்தனை என்ற பழைய விளக்கத்தால் இதைத் தாங்க முடியவில்லை, ஏனெனில் இங்கே பாவனைக்குள்ளும் காரணகாரியம் செல்லுபடியாகிறது.

அடுத்து எழும் கேள்வி, நடப்பது பாவனை என்பதைக் குழந்தை எப்படி உணர்கிறது என்பது. ஏஞ்சலின் லில்லார்டும் டேவிட் விதரிங்டனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகளின் தாய்மார்கள் ஒருமுறை உண்மையான சிற்றுண்டியைப் பகிர்ந்துகொண்டனர். மற்றொருமுறை உண்பதாகப் பாவனை செய்தனர். பாவனையின்போது தாய்மார்கள் அதிகம் சிரித்தனர். குழந்தையின் முகத்தை அதிக நேரம் நோக்கினர். உறிஞ்சுவது, மெல்லுவது போன்ற ஒலிகளை மிகைப்படுத்தினர். எவரும் கற்பிக்காமலே தாய் இந்தக் குறிப்புகளைத் தருகிறாள். குழந்தை அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது ஜாக்லினின் முதற்குறிப்புக்குத் திரும்பினால், அந்தச் சிரிப்பும் திறந்த கண்களும் வெறும் துணைச் செய்திகளாகத் தோன்றுவதில்லை. தூக்கத்தைச் செய்துகாட்டும் குழந்தை தான் தூங்கவில்லை என்பதையும் அதே வேளையில் அறிவிக்கிறது. அந்த விவரத்தைப் பியாஜே நேர்மையாகப் பதிந்து வைத்தார். அதனால்தான் பின்வந்தோர் அவருடைய சான்றைக் கொண்டே அவருடைய முடிவை மறுத்துரைக்க முடிகிறது.

லெஸ்லியின் வாசிப்பும் கேள்விக்கு உள்ளானது. லில்லார்ட் 1993இல் மோ என்ற பொம்மையைக் குழந்தைகளிடம் அறிமுகப்படுத்தினார். மோ வேறொரு நாட்டிலிருந்து வந்தவன். கங்காரு என்றொரு விலங்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் கங்காருவைப் போலத் துள்ளிக்கொண்டிருக்கிறான். அவன் கங்காருவாகப் பாவனை செய்கிறானா? நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆம் என்றனர். பாவனை என்பது மனத்தில் ஒன்றை எண்ணிச் செய்வது என்று அவர்கள் கருதியிருந்தால் இல்லை என்றிருப்பர். ஆக, பாவனையைத் தான் செய்ய முடிவதும், பிறர் பாவனையில் சேர்ந்துகொள்ள முடிவதும் வேறு. பாவனை மனத்தில் நிகழ்கிறது என்று அறிவது வேறு. இரண்டு வயதுக் குழந்தை பாவனையைப் ‘போலச் செய்வது’ என்றே கொண்டு, மனத்தைப் பற்றிய எந்தக் கொள்கையும் இல்லாமல் திறம்பட ஆடலாம். இவ்விவாதம் இன்றுவரை முற்றாகத் தீரவில்லை. ஆனால் குழந்தை குழம்பியிருக்கிறது என்ற பழைய நிலைக்கு இருதரப்பாருமே திரும்பவில்லை.

கற்பனைத் தோழரின் கதை இதைவிட நீண்டது; அதில் பெரியவர்களின் அச்சமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் கிளாரா வாஸ்ட்ராவ்ஸ்கி 1895இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் முதற்கட்டுரைகளில் ஒன்று. அது கல்வி இதழொன்றில் வந்தது. மார்கரெட் ஸ்வென்ட்சன் 40 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1934இல் வந்தபோது, அதை வெளியிட்டது நரம்பியல், மனநோயியல் இதழ். தோழர் கண்ணுக்குத் தெரியாதவராக, பெயருடையவராக, பல மாதங்களேனும் நிலைப்பவராக இருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார்; உயிருள்ளதாகக் கருதப்படும் பொம்மைகளை விலக்கினார். கற்பனைத் தோழரைப் பற்றிய கேள்வி மருத்துவரின் மேசைக்கு வந்துவிட்டதை அந்த இதழின் பெயரே காட்டுகிறது.

ஜாக்லினுக்கும் ஒரு தோழர் இருந்தார். அவளுக்கு 3 வயது 11 மாதம் 20 நாள் ஆனபோது அந்த உயிர் தோன்றியது. பெயர் ‘அஸோ’. பறவைக்குரிய பிரெஞ்சுச் சொல் ‘வாஸோ’; அதிலிருந்து தன் சொல் வேறானது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அதற்குச் சிறகுகள் உண்டு; அதனால் கைகளை அடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். அது நாயைப் போன்றதும்கூட. அதனால் நான்கு கால்களில் தவழ்ந்து உறுமினாள். நாளுக்கு நாள் அதன் உருவம் மாறியது. காகிதத்தைக் கிழித்தால் அஸோ திட்டும் என்றாள். சில நாள் கழித்து, அஸோ திட்டாதிருப்பதற்காக ஒழுங்காகச் சாப்பிட முயன்றாள். வருத்தத்தில் இருக்கும்போது அது ஆறுதலும் தந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் உடனிருந்து பிறகு மறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்பது. காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்பது பெரியவர்களின் விதி. அதையே அஸோவின் வாயில் வைக்கும்போது ஜாக்லின் விதிக்குக் கீழ்ப்படிபவளாகவும், அந்த விதியைச் சொல்பவரைப் படைப்பவளாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறாள். வெற்றுக் கோப்பையில் ஒரு பொருளின் இரு நிலைகளைச் சேர்த்து வைத்திருந்த மனம், இங்கே இரண்டு ஆள்களின் நோக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. தன்னைத் தானே கண்டிக்கத் தொடங்கும் பருவத்தின் ஒரு சுவடாக இக்குறிப்பை நான் வாசிக்கிறேன்.

ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் பல்லாண்டு நடத்திய ஆய்வுகளுக்குப் பின் (அவருடைய நூல் 1999இல் வெளிவந்தது) நோய் என்ற ஐயம் பெருமளவு நீங்கியது. தம் தோழரைப் பற்றி ஆய்வாளர் அக்கறையோடு கேள்விமேல் கேள்வி கேட்கும்போது, பல குழந்தைகள் இடைமறித்து, இது சும்மா விளையாட்டுக்குத்தான் என்று அவருக்கு நினைவூட்டின. பெரியவர் ஏமாந்துவிட்டாரோ என்று குழந்தை கவலைப்படுகிறது! 2004இல் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொடராய்வில், ஏழு வயதுக்குள் எப்போதாவது கற்பனைத் தோழரைக் கொண்டிருந்த குழந்தைகள் 65 விழுக்காடு.

இந்த எண்ணை எடுத்தாளும் மாணவர்கள் அதன் வரையறையையும் சேர்த்தே எடுத்தாள வேண்டும். டெய்லர் பொம்மைத் தோழர்களையும் கணக்கில் சேர்த்தார், ஸ்வென்ட்சன் விலக்கினார். இரண்டு ஆய்வுகளின் அளவுகளை அருகருகே வைத்து, கற்பனைத் தோழர்கள் பெருகிவிட்டனர் என்று முடிவுகட்ட இயலாது. மேலும், இவை அமெரிக்கக் குழந்தைகளின் கணக்குகள். கண்ணுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிக் குழந்தை பேசும்போது வீட்டார் அதற்கு என்ன பெயரிடுகிறார்கள் என்பதைப் பண்பாடு தீர்மானிக்கிறது. இந்தியாவில் முற்பிறவியை நினைவுகூர்வதாகக் கருதப்படும் குழந்தைகளையும், அமெரிக்காவில் கற்பனைத் தோழர் உடையவர்களாகக் கருதப்படும் குழந்தைகளையும் ஒப்பிடலாகுமா என்ற வினாவையே அன்டோனியா மில்ஸ் 2003இல் ஓர் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பாக வைத்தார். குழந்தையின் சொல்லுக்கும் ஆய்வாளரின் பதிவேட்டுக்கும் இடையே, அச்சொல்லுக்குப் பொருள் தரும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை அவ்வினா நினைவூட்டுகிறது.

இவ்வளவு வெளிப்படுத்தும் பாவனை, வளர்ச்சியை உண்டாக்கவும் செய்கிறதா? இங்கே எச்சரிக்கை தேவை. டெய்லரும் ஸ்டெஃபனி கார்ல்சனும் 152 குழந்தைகளிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனை மிகுந்த நான்கு வயதுக் குழந்தைகள் பிறர் மனத்தை அறியும் சோதனைகளில் மேம்பட்டிருந்தனர். மூன்று வயதினரிடம் அத்தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. தொடர்பு காரணமாகாது. பாவனை அந்த ஆற்றலை வளர்த்திருக்கலாம். அந்த ஆற்றல் பாவனையை வளப்படுத்தியிருக்கலாம். மொழித்திறன் போன்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் உயர்த்தியிருக்கலாம். லில்லார்டும் பிறரும் 2013இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பாவனைதான் வளர்ச்சிக்கு இன்றியமையாத காரணம் என்ற கூற்றுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தனர்.

ஆனால் ஓர் அறிகுறியாக அதற்குத் திட்டவட்டமான பயன் உண்டு. சைமன் பேரன்-கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் அறிமுகப்படுத்திய 18 மாதச் சோதனைப் பட்டியலில், தற்புனைவு நிலையை (ஆட்டிசம்) முன்னறிய உதவும் கேள்விகளுள் பாவனை விளையாட்டு உண்டா என்பதும் ஒன்று. பாவனை இல்லாமை தனியே எதையும் முடிவு செய்வதில்லை. குழந்தை ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பிறர் பார்வையையும் அதன்பால் திருப்புகிறதா என்பதோடு சேர்த்தே அது நோக்கப்படுகிறது. கவலையோடு குழந்தையை அழைத்துவரும் பெற்றோரிடம், கண்ணுக்குத் தெரியாத தோழரோடு பேசுவதைக் குறையாகவும், எந்தப் பாவனையும் செய்யாதிருப்பதை அடக்கமாகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், நாம் பார்க்க வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் அவர்கள் பார்க்கிறார்கள்.

இத்துறையில் களப்பணி தொடங்கும் மாணவர்களுக்கு இவ்வரலாறு நடைமுறைப் பாடம் ஒன்றைத் தருகிறது. ‘குழந்தை தேநீர் ஊற்றி விளையாடியது’ என்ற குறிப்பு எந்த வாசிப்புக்கும் உதவாது. கோப்பை காலியாக இருந்ததா, குழந்தை யார் முகத்தைப் பார்த்தது, சிரித்ததா, கவிழ்ந்த பிறகு மீண்டும் ‘நிரப்பியதா’, அப்போது அதன் வயது எத்தனை மாதம், வீட்டார் அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்பவை குறிப்பில் இருக்க வேண்டும். பியாஜேயின் விளக்கம் முதுமையடைந்துவிட்டது. திறந்த கண்களோடு சிரித்துக்கொண்டே தூங்கிய குழந்தையைப் பற்றிய அவர் குறிப்பு இன்னும் சான்றாக நிற்கிறது.